கொட்டேஷன் 9.95 லட்சம், பில் எவ்வளவு?

கார் பார்க்கப் போனவர் ஷோரூமை விட்டுக் கிளம்பும்போது கையில் ஒரு தாளைத் திணித்து அனுப்புவார்கள். வண்டி விலை, வரி, இன்சூரன்ஸ் என்று வரிசையாக எழுதி, அடியில் 'ஆன்ரோடு' என்று ஒரு தொகைக்கு வட்டம் போட்டிருக்கும். வீட்டில் அந்தத் தொகையை வைத்துத்தான் பேச்சு நடக்கும். வங்கி மேலாளரும் அதைப் பார்த்துத்தான் கடன் எவ்வளவு என்று சொல்வார். ஆனால் அந்தத் தாளில் உறுதியான எண் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: வண்டியின் எக்ஸ் ஷோரூம் விலை. மற்ற வரிகள் எல்லாம் உத்தேசம். வரி எவ்வளவு என்பது ஆர்.டி.ஓ. ரசீது வந்தால் தெரியும். இன்சூரன்ஸ் எவ்வளவு என்பது பாலிசி அச்சாகி வந்தால் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், உத்தேசத் தொகை முழுவதையும் ஷோரூம் முன்னாலேயே வாங்கிவிடுகிறது. பாதியை நீங்கள் முன்பணமாகக் கட்டியிருந்தாலும், மீதியை வங்கி அனுப்பியிருந்தாலும், வண்டிச் சாவி கைக்கு வரும்போது ஷோரூமின் கணக்கில் ஆன்ரோடு தொகை அப்படியே உட்கார்ந்திருக்கும். உண்மைச் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் வரவேண்டும். கேட்டு வாங்குகிறவர்களுக்கு வருகிறது. கேட்காதவர்களின் மிச்சம் எங்கே போகிறது என்று ஷோரூம்காரர்கள் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இதில் கடன் சேரும்போது கணக்கு இன்னும் ஒரு முடிச்சு போட்டுக்கொள்கிறது. வங்கி 'உங்களுக்குக் கொடுத்த கடன்' என்று சொல்லும் தொகையும், ஷோரூமுக்கு உண்மையில் அனுப்பிய தொகையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் கொஞ்சம் கழிந்திருக்கும். ஆக, சரிபார்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஷோரூமுக்கு மொத்தம் எவ்வளவு போனது? அதில் எவ்வளவுக்கு பில் இருக்கிறது?

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்தவை; வரி விகிதமும் அரசுக் கட்டணமும் மட்டும் உண்மையானவை. மதுரையில் ஒருவர் 1,197 சிசி பெட்ரோல் கார் வாங்குகிறார். கொட்டேஷன் இப்படி:

எக்ஸ் ஷோரூம் விலை – 8,00,000
வரி, பதிவு – 1,12,000
இன்சூரன்ஸ் – 42,000
கூடுதல் வாரன்ட்டி – 14,000
ஆக்சஸரீஸ் – 20,000
பாஸ்டேக் – 1,000
ஹேண்ட்லிங் – 6,000
ஆன்ரோடு – 9,95,000

"சார், இதுல இருபதாயிரம் டிஸ்கவுண்ட் உங்களுக்கு இருக்கு. ஆனா கொட்டேஷன்ல காட்டல. காட்டினா பேங்க்ல லோன் குறைச்சுடுவாங்க. டெலிவரி அன்னிக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் தனியாக வரவேண்டியிருக்கிறது.

வங்கி ஆன்ரோடு விலையில் 85 சதவீதம் வரை தருவதாகச் சொல்கிறது. கணக்குப்படி 8,45,750, ரவுண்டாக 8,45,000 என்று சாங்ஷன் ஆகிறது. ஐந்து வருடம், 9 சதவீதம், மாதத் தவணை 17,541 ரூபாய். மீதி 1,50,000 அவர் கையிலிருந்து. புக்கிங்கின்போது கட்டிய 10,000 போக, 1,40,000 டெலிவரிக்கு முன் கட்டுகிறார். எட்டு நாற்பத்தைந்தும் ஒன்று ஐம்பதும் சேர்ந்தால் ஒன்பது தொண்ணூற்றைந்து. கணக்கு நேர்.

டெலிவரிக்கு முதல் நாள் ஷோரூமிலிருந்து போன் வருகிறது. "சார், பேங்க்ல இருந்து 8,28,780தான் வந்திருக்கு. பேலன்ஸ் 16,220 கட்டிட்டீங்கன்னா நாளைக்கு வண்டி எடுத்துக்கலாம்."

நல்ல நேரம் குறித்தாயிற்று, ஊரிலிருந்து மாமனார் வந்தாயிற்று. அவர் ஜிபேயில் அனுப்பிவிடுகிறார். பெரும்பாலும் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். அதில் தவறும் இல்லை, அந்த 16,220 என்ன என்று பிறகாவது கேட்டால்.

அந்தக் கழிவு இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: பிராசஸிங் கட்டணம் 4,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 720, முத்திரைத்தாள், ஆவணச் செலவு 1,500, கடன் பாதுகாப்புக் காப்பீடு என்ற பெயரில் 10,000. கூட்டினால் 16,220. இதைச் சரிபார்க்க வேண்டிய தாள் கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனாளிக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வங்கி வசூலிக்கும் கட்டணம், வங்கி வழியாக மற்றவர்களுக்குப் போகும் கட்டணம் எல்லாம் அதில் தனித்தனியாக வரவேண்டும். அதில் இல்லாத ஒரு கட்டணத்தை, கடன் காலத்தின் எந்தக் கட்டத்திலும், கடனாளியின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பிடிக்கக் கூடாது.

அதே அறிக்கையில் ஆண்டுச் சதவீத விகிதம் என்று இன்னொரு எண் இருக்கும். வங்கி சொன்னது 9 சதவீதம். ஆனால் தவணை கட்டுவது 8,45,000க்கு. வேலைக்கு வந்த பணமோ 8,28,780. அப்படிப் பார்த்தால் உண்மை விகிதம் ஏறக்குறைய 9.83. காப்பீட்டுப் பிரீமியம் போல வங்கி மூன்றாவது ஆளுக்காகப் பிடிக்கும் தொகையும் இந்த விகிதத்துக்குள் வந்தாக வேண்டும். அறிக்கையில் 9.1 என்றோ 9.2 என்றோ போட்டிருந்து, பத்தாயிரம் ரூபாய் பிரீமியமும் பிடித்திருந்தால், பிரீமியத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது பார்க்க வேண்டிய எண்ணும் இதுதான். வட்டியில் கால் சதவீதம் குறைத்துக்கொடுத்து, காப்பீட்டில் அதற்கு மேல் எடுத்துக்கொள்வது பழைய வித்தை.

அந்தப் பத்தாயிரம் காப்பீட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனைக் கட்டும் பாலிசி அது. வேண்டும் என்று நினைப்பவர்கள் எடுக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட கற்றைத் தாள்களில் எது அதற்கான விண்ணப்பம் என்பது பலருக்குத் தெரியாது. லைஃப் இன்சூரன்ஸ் பாலிசியாக இருந்தால், கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக்கொடுக்க வழி இருக்கிறது. ஆகவே டெலிவரி ஆன வாரத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பயன் இல்லை.

இருசக்கர வாகனக் கடனில் கழிவு வேறு முகம் காட்டும். 'அட்வான்ஸ் இ.எம்.ஐ.' என்று முதல் ஒன்றிரண்டு தவணையைக் கடன் தரும் அன்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வட்டி முழுக் கடனுக்கும் ஓடும். 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி நியாயமற்ற நடைமுறைகளாகச் சுட்டிக்காட்டியவற்றில் இதுவும் ஒன்று. முன்கூட்டியே வாங்கிய தவணையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வட்டி போட வேண்டும்.

இப்போது ஷோரூம் பக்கம் வருவோம். அங்கே வரவு என்ன? வங்கி அனுப்பியது 8,28,780. வாங்குபவர் முதலில் கட்டியது 1,50,000. பிறகு கட்டியது 16,220. மொத்தம் 9,95,000. ஆன்ரோடு தொகை ஒரு ரூபாய் குறையாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்கான சான்றுகள் எளியவை. வங்கிக் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் பணம் விடுவித்த தேதியும் தொகையும் இருக்கும். ஷோரூமுக்கு அனுப்பியதன் யு.டி.ஆர். எண்ணை வங்கியில் கேட்டு வாங்கலாம். முன்பணத்துக்கு ஷோரூம் கேஷியர் கவுண்டரில் கொடுத்த ரசீது. இதில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். புக்கிங் பணத்தை விற்பனைப் பிரதிநிதியின் சொந்த எண்ணுக்கு அனுப்பியிருப்பார்கள். ஷோரூம் கணக்கில் அது வேறு தேதியில், வேறு தொகையாக ஏறியிருக்கும், அல்லது ஏறவே ஏறியிருக்காது. பிரதிநிதி வேறு ஷோரூமுக்கு மாறிப் போய்விட்டால் அந்தப் பத்தாயிரத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். பணம் ரொக்கமாகக் கட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு: ஒரே வியாபாரத்துக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஷோரூமில் கேட்க வேண்டிய தாளின் பெயர் லெட்ஜர். உங்கள் பெயரில் அவர்களுடைய கணக்கு மென்பொருளில் ஒரு கணக்கு இருக்கிறது. எப்போது எவ்வளவு வந்தது, எந்த பில்லுக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று தேதிவாரியாக அதில் நிற்கும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டால் ஒரு பட்டனில் அச்சாகி வரும். விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால் "எதுக்கு சார் அதெல்லாம்" என்பார். அவரைத் தாண்டி அக்கவுண்ட்ஸுக்கே போவது உத்தமம். வண்டி விற்ற நாளில் இனிக்க இனிக்கப் பேசியவர், லெட்ஜர் கேட்ட நாளில் மீட்டிங்கில் இருப்பார்.

லெட்ஜரின் செலவுப் பக்கத்தை ஒவ்வொரு ரசீதோடும் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் வண்டியின் டாக்ஸ் இன்வாய்ஸ். வங்கிக்குக் கொடுத்தது புரோஃபார்மா. அது விலைப்பட்டியல் மட்டுமே, பில் அல்ல. உண்மையான பில்லில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், ஜி.எஸ்.டி. பிரிவு, கடன் கொடுத்த வங்கியின் பெயர் எல்லாம் இருக்கும். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆகவே நம் கணக்கின் 8,00,000க்குள் வண்டியின் அடிப்படை விலை 6,77,966. மத்திய, மாநில ஜி.எஸ்.டி. தலா 61,017. பில்லில் இந்த மூன்று எண்களும் கூடி எட்டு லட்சம் வரவேண்டும். ஜி.எஸ்.டி. எக்ஸ் ஷோரூம் விலைக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் யாராவது தனியாக ஜி.எஸ்.டி. கேட்டால் நின்று கேளுங்கள். சேஸிஸ் எண் பில்லிலும் பாலிசியிலும் ஆர்.சி.யிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் க்ளெய்மின்போது அலைச்சல்.

அடுத்தது ஆர்.டி.ஓ. தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, புதுக் காருக்கு ஆயுட்கால வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்சத்துக்கு 13 சதவீதம் என்றால் 1,04,000. பதிவுக் கட்டணம் 600, ஹைப்போதிகேஷன் குறிப்பதற்கு 1,500, ஸ்மார்ட் கார்டு 200. இவை மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள கட்டணங்கள். எந்த ஷோரூமிலும் மாறாது. சாலைப் பாதுகாப்பு வரி போன்ற சிறு தொகைகளும் சேர்ந்து ரசீதில் 1,08,500 வந்திருக்கிறது என்று கொள்வோம். கொட்டேஷனில் 1,12,000. வித்தியாசம் 3,500.

இந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குப் படுவதற்கு, 'வரி கட்டியாச்சு' என்று ஷோரூம் எழுதித் தரும் ரசீது போதாது. வாகன் தளத்தில் பணம் கட்டியதும் வரும் அரசு ரசீதின் நகல் வேண்டும். parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் கொடுத்து நீங்களே எடுத்துக்கொள்ளவும் முடியும். அதில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தனித்தனி வரியாக இருக்கும். 'ஆர்.டி.ஓ. செலவு' என்று ஒரே வரியில் கொட்டேஷன் போடும் ஷோரூம்களில் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. நம்பர் பிளேட்டுக்குத் தனிப் பணம் என்றாலும் கேள்வி கேட்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை உற்பத்தியாளரே வண்டியோடு கொடுக்க வேண்டும்.

பத்து லட்சத்தை ஒட்டிய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஓர் இடைச்செருகல். வரி விகிதம் வண்டியின் விலையைப் பார்த்துத்தான். ஆன்ரோடு விலையைப் பார்த்து அல்ல. வண்டி விலை சரியாகப் பத்து லட்சம் என்றால் வரி 1,30,000. அதைத் தாண்டிவிட்டால் 18 சதவீதம், அதாவது 1,80,000க்கு மேல். அதோடு பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு டி.சி.எஸ். என்று 1 சதவீதம் ஷோரூம் வசூலித்து வருமான வரித் துறையில் கட்டும். இது செலவே அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். பான் எண் தவறாகப் பதிந்திருந்தால் அந்தப் பணம் யாரோ ஒருவரின் பெயரில் நிற்கும். கொட்டேஷனில் டி.சி.எஸ். என்ற வரி இருந்தால், சில மாதம் கழித்து 26 ஏ.எஸ். படிவத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது இன்சூரன்ஸ். ஷோரூம்காரருக்கு லாபம் அதிகம் நிற்பது இங்கேதான் என்பது என் கணிப்பு. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு அதன் பிரீமியம் 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இது அரசு நிர்ணயித்தது. எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். பேரம் பேச இடமிருப்பது சொந்தச் சேத காப்பீட்டிலும், ஜீரோ டெப்ரிசியேஷன், எஞ்சின் பாதுகாப்பு போன்ற கூடுதல் கவர்களிலும். கொட்டேஷனில் எல்லாக் கவரையும் சேர்த்து 42,000 போட்டிருப்பார்கள். பாலிசி அச்சாகும்போது இரண்டு கவர் கழன்று 38,200 ஆகியிருக்கும். பிரீமியம் பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் டெலிவரி அன்று அந்த உறை கைக்கு வந்ததும் நேராக டாஷ்போர்டுக்குள் போய்விடுகிறது. எடுத்துப் பிரித்து, பிரீமியம், ஐ.டி.வி., கவர்களின் பெயர் மூன்றையும் பாருங்கள். புது வண்டிக்கு ஐ.டி.வி. பொதுவாக எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம். நம் உதாரணத்தில் 7,60,000. அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட உங்கள் பாதுகாப்பைக் குறைத்திருக்கிறார்கள். பாலிசியை வெளியே எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

ஆக்சஸரீஸ் 20,000, வாரன்ட்டி 14,000, பாஸ்டேக் 1,000 மூன்றுக்கும் பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் பிழை குறைவு. ஆனால் கடனில் வாங்கியதால் விலை கூடியிருக்கிறது. ஆக்சஸரீஸும் வாரன்ட்டியும் சேர்ந்த 34,000 ரூபாய்க்கு ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 42,350. சீட் கவருக்கும் மேட்டுக்கும் ஐந்து வருடம் வட்டி.

கடைசி வரி ஹேண்ட்லிங் 6,000. அரசு ரசீது எதிலும் இப்படி ஒரு தலைப்பு கிடையாது. 'லாஜிஸ்டிக்ஸ்', 'டாக்குமென்டேஷன்', 'எசென்ஷியல் கிட்' என்று பெயரை மாற்றிப் போட்டாலும் சங்கதி ஒன்றுதான். வண்டியை யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது வியாபாரிக்கு அடக்கச் செலவு; எக்ஸ் ஷோரூம் விலைக்குள் அவருக்கு மார்ஜின் இருக்கிறது. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இதுக்கு ஜி.எஸ்.டி. பில் கொடுப்பீங்களா?" பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே வரி காணாமல் போகும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். பில் உள்ளவை: வண்டி 8,00,000, ஆர்.டி.ஓ. 1,08,500, பாலிசி 38,200, வாரன்ட்டி 14,000, ஆக்சஸரீஸ் 20,000, பாஸ்டேக் 1,000. மொத்தம் 9,81,700. ஷோரூமுக்குப் போனது 9,95,000. பில் இல்லாமல் நிற்பது 13,300. அதோடு சொன்ன டிஸ்கவுண்ட் 20,000. ஆக, திரும்பி வரவேண்டியது 33,300 ரூபாய். இரண்டு மாதத் தவணைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

டிஸ்கவுண்ட் லெட்ஜரில் ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். பில்லிலேயே கழித்திருக்கலாம், அல்லது தனியே கிரெடிட் நோட் போட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் 'ஆக்சஸரீஸ் ஃப்ரீயா போட்டுக் கொடுத்துட்டோம்ல சார்' என்று பேச்சில் கழிப்பது மூன்றாவது வகை. நம் உதாரணத்தில் ஆக்சஸரீஸுக்கு 20,000 ஏற்கெனவே கொட்டேஷனில் வாங்கியாயிற்று. ஃப்ரீ என்று சொன்ன பொருளுக்கும் பில், அந்த பில்லுக்குப் பணமும் எடுத்திருந்தால், டிஸ்கவுண்ட் வந்து போனதாக ஆகிவிடும். பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் கொடுத்தவர்களும் இதே கண்ணால் பார்க்க வேண்டும்: பழைய வண்டியின் விலை ஒரு வரவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் இன்னொரு வரவு. இரண்டும் தனித்தனியாக லெட்ஜரில் இருக்க வேண்டும்.

'காட்டினா லோன் குறையும்' என்ற வாக்கியத்துக்கு இப்போது வரலாம். கொட்டேஷன் விலைக்கு 85 சதவீதம் என்று வங்கி கொடுத்தது 8,45,000. உண்மையான ஆன்ரோடு, டிஸ்கவுண்டும் பில் இல்லாததும் போக, 9,61,700. இதில் 8,45,000 என்பது 88 சதவீதத்தைத் தொடுகிறது. வித்தியாசம் சிறிதாக இருக்கும்வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இதே வழியில் கொட்டேஷனை ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ஊதிப் பெருக்கி, கட்டாத முன்பணத்துக்கு மார்ஜின் ரசீதும் போட்டு, 'டவுன் பேமென்ட்டே இல்லாமல் வண்டி' என்று ஓட்டுகிற ஷோரூம்களும் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் வங்கிக்குப் பொய்ச் சான்று கொடுத்தவராகிறார். அதைவிட நடைமுறைச் சங்கடம் ஒன்று உண்டு: நாளை ஷோரூமோடு தகராறு வந்தால், கட்டாத பணத்தைக் கட்டியதாகக் காகிதம் சொல்லும், எது உண்மை வரவு, எது பொய் வரவு என்று பிரித்துக் காட்ட உங்களாலேயே முடியாது. டிஸ்கவுண்டை கொட்டேஷனிலேயே எழுதச் சொல்வதுதான் சரி. 20,000 குறைத்தால் 85 சதவீதக் கடன் குறைவது 17,000. அவ்வளவுதான்.

திரும்பி வரும் 33,300ஐ வங்கிக் கணக்கு மாற்றமாகவே வாங்குங்கள். அதைக் கடன் கணக்கில் அசலுக்குக் கட்டிவிட்டால் வட்டி மிச்சம். மாறும் வட்டிக் கடனாக இருந்து 2026 ஜனவரி 1க்குப் பிறகு சாங்ஷன் ஆகியிருந்தால், சொந்த உபயோகத்துக்கான கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது. கார் கடன்களில் பல நிலையான வட்டியில் இருப்பதால் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஒரு தேதி பாக்கி இருக்கிறது. வட்டி எந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்தது? 8,45,000க்கு 9 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி சுமார் 208 ரூபாய். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ, காசோலை எழுதிவைத்து இன்னும் கொடுக்காத நாளிலிருந்தோ வட்டி போடுவதை மேலே சொன்ன 2024 சுற்றறிக்கையே தவறு என்கிறது; பணம் உண்மையில் கைமாறிய நாளிலிருந்துதான் வட்டி. ஆனால் வங்கி ஷோரூமுக்கு அனுப்பிவிட்டு, வண்டி ஸ்டாக்கில் இல்லாமல் நீங்கள் மூன்று வாரம் காத்திருந்தால் அந்த வட்டி உங்கள் தலையில்தான். வங்கியைக் குறை சொல்ல முடியாது. ஆகவே சேஸிஸ் எண் ஒதுக்கி ஷோரூம் எழுத்தில் கொடுத்த பிறகே பணத்தை விடும்படி வங்கியில் சொல்லிவைப்பது நல்லது.

ஷோரூம் மிச்சத்தைத் தராமல் இழுத்தடித்தால், லெட்ஜரையும் அரசு ரசீதையும் பாலிசியையும் இணைத்து மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வங்கியின் கழிவில் தகராறு என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, கே.எஃப்.எஸ். நகலும் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் கையில் இருந்தால் வழக்கறிஞரும் தேவையில்லை.